தங்கச்சியின் பயோடேட்டாவில் எது முதலில்

என் தங்கச்சியின் இரண்டாம் கல்யாணத்துக்கான பயோடேட்டாவை நான்தான் தட்டச்சு செய்தேன். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலை கேட்டு வரும் டீச்சர்களின் பயோடேட்டாக்களைப் பார்த்துப் பார்த்து, எதை மேலே போட்டால் எங்கள் தாளாளர் நிறுத்திப் படிப்பார், எதைப் போட்டால் தள்ளிவிட்டுப் போவார் என்பது எனக்கு அத்துப்படி. படித்து முடித்த கையோடு வரும் பெண் என்றால் படிப்பு மேலே இருக்க வேண்டும். பல வருஷம் பாடம் நடத்தியவர் என்றால் அனுபவம் மேலே, படிப்பு கீழே. பழக்கமான பெண்கள் கேட்டால் நானே வரிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அதில் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு தெரிந்தவளுக்குச் சொந்தத் தங்கச்சியின் தாளில் எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது.

அவள் நர்ஸ். தங்கச்சிமடத்தில் அம்மாவோடும் தன் மகளோடும் இருந்துகொண்டு, தினம் பஸ் ஏறிப் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து போகிறவள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப்போன ஆளின் உடல் கரை ஒதுங்கியது. வள்ளமும் ஒதுங்கியது. இவர் மட்டும் ஒதுங்கவில்லை. அப்போது மகள் கைக்குழந்தை.

உடல் கிடைக்காதவரை இறந்தவர் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் கோர்ட்டுக்கே போக முடியும். அந்த ஏழு வருஷமும் எங்கள் மாதா கோவிலில் அவர் பெயரை வாசித்து வேண்டிக்கொள்ளப் பூசைக்கருத்துக் கொடுக்கும்போது அம்மா இறந்தவர்களோடு சேர்க்க விட்டதில்லை. நோயாளிகள், வெளியூர் போனவர்கள் என்று வாசிப்பார்களே, அந்த இடத்தில்தான் வாசிக்கச் சொல்வாள். பிறகு அம்மாவுக்கே சர்க்கரை கூடிக் காலில் புண் ஆறாமல் போனதும் பயம் வந்துவிட்டது. தான் போய்விட்டால் இவளுக்கு யார் என்று என்னிடம் அழுதாள், அவளிடம் சண்டை போட்டாள், கடைசியில் கோர்ட்டில் கேஸ் போட வைத்தாள். தங்கச்சி எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டாள். இறப்புச் சான்றிதழ் வந்தது. மறுமணத்துக்கு ஆயர் இல்லத்து அனுமதியும் வந்தது. அடுத்த ஞாயிறு பூசையில் அம்மா அவரை ஆத்துமாக்கள் வரிசையில் வாசிக்கக் கொடுத்தாள். அன்றைக்குத் தங்கச்சி கோவிலுக்கு வரவில்லை, டூட்டி என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்தப் பயோடேட்டா. முதல் தடவை ஊர் வழக்கப்படியே போட்டேன். பெயர், பிறந்த தேதி, பங்குக் கோவில், உயரம், நிறம், படிப்பு, வேலை, அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள், ஒரு அக்கா. எல்லாம் முடிந்து தாளின் அடியில் முந்தைய திருமணம், அதற்கும் கீழே குழந்தை. அதை நம் சபைக்காரர்களின் கல்யாண வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அம்மா போனைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டே அலைந்தாள்.

அழைப்பு வராமல் இல்லை. வந்தது. நர்ஸா என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பிப்பார்கள். நிரந்தரமா, எந்த ஆஸ்பத்திரி, வெளிநாடு போக எண்ணம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பேச்சோடு பேச்சாகத் தாளிலும் கீழே இறங்கிக்கொண்டிருப்பார்கள் போல. திடீரென்று குரல் மாறும். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்பார்கள். அந்த வீட்டில் என்னதான் அத்தனை நாளாகக் கலக்குகிறார்களோ, ஒருத்தரும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு அம்மா தன் வீட்டு முன்னறையிலேயே திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இப்படியா போடுவார்கள் என்றார். போனில் படத்தைத் திறந்தால் மேல் பாதிதான் கண்ணுக்குத் தெரியும், அதில் நிற்கிறவன்தான் கீழே வருவான், நீங்கள் உயரத்தையும் நிறத்தையும் போட்டு அந்த இடத்தை வீணாக்கிவிட்டீர்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் நான் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே பாடம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவர் தொழில் சுத்தமாகத்தான் இருந்தது. பயோடேட்டா எல்லாருக்கும் ஒன்று என்று வைக்காதீர்கள், யாரைக் கூப்பிட வைக்க வேண்டுமோ அவருக்குத் தகுந்த மாதிரி வரிசை மாற வேண்டும் என்றார். இரண்டு பிரதி செய்தார். கல்யாணமே ஆகாதவர்களுக்குப் போகிற தாளில் போட்டோவும் வேலையும் படிப்பும் மேலே வந்தன. மனைவியை இழந்து பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குப் போகிற தாளில் "ஒரு மகள், நன்றாகப் படிக்கிறாள்" என்பதும், பெண்ணுக்குப் பிள்ளை வளர்த்த பக்குவம் உண்டு என்பதும் மேலே வந்தன, வேலை இரண்டாவதாகப் போனது. விஷயம் எதையும் மறைக்கவில்லை, ஒன்றைக்கூட மாற்றவில்லை. கம்ப்யூட்டரில் பத்தி பத்தியாக வெட்டி எடுத்து ஒட்டினார், அவ்வளவுதான். முந்தைய திருமணம் மட்டும் இரண்டு தாளிலும் அடியிலேயே கிடந்தது. பெரியவர்கள் பிடிஎஃப் திறக்க மாட்டார்கள் என்று படமாகவே மாற்றிக் கொடுத்தார்.

அழைப்பு கூடிப்போனது. அம்மாவுக்குக் காலின் புண்கூட மறந்துவிட்டது. துபாயில் இருக்கும் பையனுக்கு என்று ஒருவர் கேட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளோடு இருக்கும் ஒருவர் கூப்பிட்டு, எல்லாம் பிடித்திருக்கிறது, பிள்ளையை மட்டும் அம்மாச்சியிடம் விட்டுவிடலாமா என்று கேட்டார். பிள்ளையை மேலே தூக்கிப் போட்டதைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்டார். அம்மா வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அவருக்கே திருப்பிச் சொன்னாள்.

அப்புறம் ஒரு மாப்பிள்ளையின் அக்கா கூப்பிட்டாள். அன்றைக்கு நானும் தங்கச்சிமடத்தில் இருந்தேன். அம்மாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அந்தப் பெண் வேலை, படிப்பு, பிள்ளை எல்லாம் கேட்டுத் திருப்தியாகத்தான் வந்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"பாடி கெடைக்கலையாம்மா?"

சான்றிதழ் இருக்கிறது, கோர்ட்டு உத்தரவு இருக்கிறது, ஆயர் இல்லத்துக் கடிதமும் இருக்கிறது என்று அம்மா மளமளவென்று ஒப்பித்தாள்.

"சர்டிபிகேட்டு சரிம்மா. நாளப்பின்ன அவரு வந்து வாசல்ல நின்னா, எந்தம்பி எங்கன போயி நிப்பான்?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனாலும் அவள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல எனக்கு இருந்தது. தங்கச்சி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அந்த வாரமே டூட்டி முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திற என்றாள். முந்தைய திருமணத்தை மேலே கொண்டு வா என்றாள். எவ்வளவு மேலே என்றேன். பேருக்கு அடுத்தது அதுதான் என்றாள். போட்டோ வேண்டாம், வேலை அதற்குக் கீழே, பிள்ளை அதற்குக் கீழே. அதில் என்ன எழுத வேண்டும் என்றும் அவளே சொன்னாள். கணவர் கடலில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தின் மூலம் இறப்புச் சான்றிதழ் பெறப்பட்டது. மறுமணத்துக்குத் திருச்சபையின் அனுமதி உண்டு. நோயாளியின் விவரத்தை அடுத்த ஷிப்ட்காரியிடம் ஒப்படைக்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் எல்லாம் நாயாய் அலைந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து அடுக்கினால், இவள் வந்து ஒரே தள்ளில் கவிழ்க்கிறாள்.

"ஏன்டி, ஒருத்தரும் வரக்கூடாதுன்னே பண்றியா?"

"வர்றவுக தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்க்கா. கடைசி வரியில வந்து முட்டிக்கிட்டுத் திரும்புறாகல்ல, மொத வரியிலயே முட்டட்டும். அம்மா அம்புட்டு நேரம் பேச வேண்டியதில்ல."

மாற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? வெட்டி ஒட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபோது எனக்கே பகீரென்றது. அதே தாள்தான், அதே விஷயங்கள்தான், புதிதாக எதுவும் கூடவில்லை. முன்பு படித்தால் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் தெரிந்தாள். இப்போது படித்தால் முதலில் கடல்தான் தெரிந்தது, அவள் எங்கேயோ பின்னால் நின்றாள்.

தகவல் மையத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, வாசல் கதவிலேயே பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று வருத்தப்பட்டார். இதற்கு அழைப்பு வராது, வந்தால் என்னைக் கேளுங்கள் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் நடந்தது. குழுவில் போட்ட நாளிலிருந்து போன் செத்துப்போனது. அம்மா தங்கச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னோடும்தான். நீயும் சேர்ந்துதானே இந்தக் கூத்தை அடித்தாய் என்று பேத்தியிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருவர் கூப்பிட்டார். தொண்டிப் பக்கம், நம் சபைக்காரர், ஐஸ் கம்பெனியில் வேலை என்றார். பயோடேட்டா பார்த்தேன், முதலில் போட்டிருப்பதைப் படித்தேன், நேரில் வந்து பேச வேண்டும் என்றார். போனில் எல்லாம் பேச முடியாது, கூட வீட்டுப் பெண் ஒருத்தரை அழைத்து வருகிறேன் என்றார். உடல் கிடைக்காத விஷயம் தெரியுமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதைப் படித்துவிட்டுத்தானம்மா கூப்பிடுகிறேன் என்றார் அவர்.

அம்மா அழுதுவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷன் இருக்கிறானே என்று அன்றைக்கு முழுக்க அவரைப் பற்றியே பேசினோம். தகவல் மையத்து அம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன், கொஞ்சம் இளக்காரமாகவே சொன்னேன். தங்கச்சி சனிக்கிழமை தலைக்குக் குளித்தாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி வேண்டாம் என்று மாற்றிக்கொண்டாள். அம்மா அதைக் கவனித்துவிட்டு என் கையைக் கிள்ளினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீட்டைக் கழுவினோம். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டோம். கேசரி கிண்டினேன், அம்மா வடை சுட்டாள். பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டு நிறுத்தினோம். அவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, அடக்கமான ஆள். கூட வந்த பெண் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவளாகத் தெரிந்தாள். கழுத்தில் சிலுவை வைத்த தாலி இருந்தது. அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

உட்கார்ந்ததும் அம்மா விசாரிக்க ஆரம்பித்தாள். வேலை எப்படி, சொந்த வீடா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் குனிந்த தலையோடு பதில் சொன்னார். பிள்ளைகள் உண்டா என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டும் பொம்பளப்பிள்ளைக. வீட்டுக்காரிக்கு ஒடம்பு சரியில்ல, இல்லாட்டி அவளும் வந்திருப்பா."

வடைத் தட்டு அம்மாவின் கையிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அப்போதுதான் நாற்காலியும் கேசரியும் கவுன் போட்ட பிள்ளையும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எழுந்து நின்றுவிட்டார். தப்பா நெனைக்காதீகம்மா என்று கும்பிட்டார். வார்த்தை குளறிக் குளறிச் சொன்னார். கூட வந்திருப்பது அவருடைய அண்ணி. அண்ணன் கடலுக்குப் போய்க் காணாமல் போய் ஏழு வருஷம் தாண்டிவிட்டது. வீட்டுப் பட்டா அண்ணன் பேரில் கிடக்கிறது, மகன் படிப்புக்கு ஒரு உதவி கேட்டால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். எங்கே போய், யாரைப் பார்த்து வாங்குவது என்று தெரியவில்லை. அண்ணியும் பிடி கொடுக்கவில்லை. கல்யாணக் குழுவில் வருவதை அவர் பார்ப்பதே கிடையாது. ஐஸ் கம்பெனியில் நின்றுகொண்டு போனைத் திறந்தபோது இந்த நாலு வரி முதலிலேயே கண்ணில் பட்டது. அதற்குக் கீழே படிக்கவே இல்லை. வாங்கின ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போன கையோடு நம்பரைத் தேடிக் கூப்பிட்டுவிட்டார். போனில் சான்றிதழ் பேச்சை எடுத்தால் அண்ணி காதில் விழும், வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்துதான் நேரில் பேசலாம் என்றாராம்.

அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அந்த ஆளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே சேலை கட்டிக்கொண்டு நின்ற தங்கச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவளே வெளியே வந்தாள். வந்து, அந்த அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போலீஸில் அன்றைக்குக் கொடுத்த புகாரின் நகல் இருக்கிறதா என்று கேட்டாள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்டேஷனில் எழுதி வாங்க வேண்டும், வக்கீல் வைத்துக் கேஸ் போட வேண்டும், பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொல்வார்கள், கோர்ட்டில் உத்தரவு வந்த பிறகுதான் இறப்பைப் பதிவார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் போனில் பதிந்துகொண்டார். அண்ணி எதையும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செத்த தேதின்னு எதப் போட்டாக?"

காணாமல் போன நாளைத்தான் போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனைக்கும் அந்தச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான்.

"நான் கேஸு போட்ட தேதியப் போட்டாகக்கா. கடல்ல போன தேதின்னு சொல்ல சாட்சி இல்லையாம். அன்னைக்கு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து டீ குடிச்சேன். பசிச்சதுன்னு பன்னும் வாங்கித் தின்னேன். பேப்பர்படி அன்னைக்குத்தான் அவரு செத்திருக்காரு."

அண்ணி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தமே இல்லாமல் அழுதாள். அவர் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"வாங்காதீகன்னு சொல்லலக்கா. பிள்ளைக்கு வேணும்ல, வாங்குங்க. இது தெரிஞ்சுட்டுப் போயிக் கையெழுத்துப் போடுங்க. எனக்கு ஒருத்தரும் சொல்லல."

அவர்கள் கிளம்பும்போது அம்மா வெளியே வந்து, கேசரியை ஒரு டப்பாவில் போட்டு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கொடுத்தாள். முகம் மட்டும் இறுகியிருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் தங்கச்சி அந்த அண்ணியோடு போனாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புருஷனைப் பற்றி அவள் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. பஸ் வருகிறவரை பேசிக்கொண்டே நின்றாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அம்மா என்னிடம், முதலில் பழைய மாதிரி மாற்று, அந்த மையத்து அம்மா சொன்ன மாதிரி வேலையை மேலே போட்டு இன்றைக்கே அனுப்பு என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போனை எடுத்துப் பழைய படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தங்கச்சி உள்ளே வந்து நாற்காலிகளை அடுக்கினாள்.

"மாத்தாதக்கா. அதே வரிசையில கெடக்கட்டும்."

"அப்பிடிக் கெடந்தா இந்த மாதிரிதான்டி வருவாக" என்றாள் அம்மா.

"வரட்டும்மா. அந்தக்கா மாதிரி எத்தன பேரு கேக்க ஆளில்லாம இருக்காகளோ."

"ஒனக்கு யாருடி வருவா?"

அவள் அடுக்கின நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் கொடுக்கப் போய்விட்டாள்.

பயோடேட்டா இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை யாராவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அதைக் குழுவில் திரும்பப் போடுகிறார்கள். போட்ட இரண்டொரு நாளில் போன் வரும். எல்லாம் பெண்கள்தான், மண்டபம், தொண்டி, அந்தப் பக்கமெல்லாம் இருந்து. யாரும் அவள் வயதைக் கேட்பதில்லை. அம்மா இப்போது போனை முந்தியில் முடிவதில்லை, மணி அடித்தால் எடுத்து, பேசாமல் தங்கச்சியிடம் நீட்டிவிடுகிறாள்.